எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்பதையும் ஆசிரியர் அறிமுகத்தில் எழுதுங்கள்

குமரி மாவட்டத்தில் நீட் பயிற்சி மையம் நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் நீட் மாணவர்களுக்கு இயற்பியல் எடுப்பவன் நான். தேர்வு முடிவு வந்த கையோடு உங்களிடமிருந்து எங்களுக்கு ஒரு செய்தி வரும்: "சார், நோட்டீஸ் அச்சுக்குக் கொடுக்கணும். ஒரு போட்டோவும் உங்களைப் பத்தி நாலு வரியும் அனுப்புங்க." நாங்களும் அனுப்பிவிடுகிறோம். அது அச்சாகி வரும்போது பெரும்பாலும் இப்படி இருக்கிறது: "நீண்ட அனுபவம் மிக்கவர். எண்ணற்ற மருத்துவர்களை உருவாக்கியவர். கான்செப்ட் அடிப்படையில் கற்பிப்பவர். ஒவ்வொரு மாணவருக்கும் தனிக்கவனம் செலுத்துபவர்." அதன் கீழே மாலை போட்ட பிள்ளைகளின் படங்கள், படத்துக்கு அடியில் மதிப்பெண்.

அந்த நாலு வரியைப் பற்றித்தான் இந்த மடல். குலசேகரம் பக்கம் விடியுமுன் ரப்பர் பால்வெட்டுக்குப் போகிற அப்பா அதைப் படிக்கிறார். குளச்சலில் மீன் ஏலம் முடிந்து வந்தவர் படிக்கிறார். வளைகுடாவில் இருக்கும் கணவருக்கு நான்கு மையங்களின் நோட்டீஸையும் வாட்ஸ்அப்பில் அனுப்பி "இதில் எதில் சேர்க்க" என்று கேட்கும் அம்மா படிக்கிறார். பிள்ளையின் ஓராண்டும் வீட்டின் சேமிப்பும் அந்த வரிகளை நம்பித்தான் கைமாறுகின்றன. அப்படி வந்த ஒரு தகப்பனார் நோட்டீஸைக் காட்டி என்னிடம் கேட்டார்: "சாரே, இதுல உள்ள பிள்ளைய எல்லாம் உங்ககிட்ட படிச்சதுதானா? மொத்தம் எத்தன பேரு சேந்தாங்க?" அவருடைய இரண்டாவது கேள்விக்கு இந்த மாவட்டத்தில் நான் பார்த்த எந்த நோட்டீஸிலும் பதில் இல்லை.

முதலில் "தேர்ச்சி" என்று நாம் அச்சிடுவதை எடுத்துக்கொள்வோம். நீட் தகுதி மதிப்பெண்ணைக் கடந்தவர்களை எல்லாம் நாம் தேர்ச்சி பெற்றோர் கணக்கில் சேர்க்கிறோம். பொதுப் பிரிவுக்கு அந்தக் கோடு 50-ஆவது பர்சன்டைல். பிற்படுத்தப்பட்ட, பட்டியல், பழங்குடிப் பிரிவினருக்கு 40-ஆவது பர்சன்டைல். 2025-இல் அது 720-க்கு 144, 113 என்ற மதிப்பெண்களில் வந்து நின்றது. அந்த ஆண்டு தேர்வு எழுதியவர்கள் 22 லட்சத்துக்குச் சற்று மேல். தகுதி பெற்றவர்கள் ஏறத்தாழ 12.36 லட்சம். அதாவது எழுதியவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் நம் கணக்குப்படி "தேர்ச்சி". நாடு முழுவதும் இருக்கும் எம்.பி.பி.எஸ். இடங்களோ ஏறத்தாழ ஒன்றேகால் லட்சம்தான். எந்தப் பயிற்சிக்கும் போகாத பிள்ளைகளும் சேர்ந்துதான் அந்தப் பாதி. ஆகவே "எங்கள் மையத்தில் இத்தனை பேர் நீட் தேர்ச்சி" என்ற வரியில் ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைக்குமா என்று பார்க்கிற தகப்பனாருக்கு எந்தத் தகவலும் இல்லை.

மதிப்பெண்ணை மட்டும் போடுவதும் இதே போலத்தான். 2024-இல் 720-க்கு 720 வாங்கியவர்களே பலர் இருந்தார்கள். 2025-இல் வினாத்தாள், குறிப்பாக இயற்பியல், கடினமாக வந்ததால் நாட்டின் முதல் மதிப்பெண்ணே 686-தான். 650-ஐத் தாண்டியவர்கள் இந்தியா முழுவதும் 73 பேர். முந்தைய ஆண்டில் அந்த 650-ஐத் தாண்டியவர்கள் பல்லாயிரம் பேர். ஆண்டைப் போடாமல் "650+" என்று மாத்திரம் அச்சடித்தால், அந்த எண் ஏறக்குறைய எதையும் சொல்லவில்லை. 2025-இல் 520 வாங்கிய பிள்ளையின் படம் நோட்டீஸின் மூலைக்குப் போய்விடுகிறது. 2024-இல் 610 வாங்கியவர் நடுவில் நிற்கிறார். இருவரில் முன்னவருடைய தரவரிசைதான் மேலே இருக்கிறது.

இன்னொன்று. நான் எடுப்பது இயற்பியல். 180 கேள்விகளில் எனக்குரியவை 45, மதிப்பெண் 180. தாவரவியலும் விலங்கியலும் சேர்ந்து 90 கேள்வி. ஒரு பிள்ளை 560 வாங்கினால் அதில் பெரும்பகுதி உயிரியல் ஆசிரியரின் உழைப்பாக இருக்கக்கூடும். ஆனாலும் அந்த 560 என் படத்துக்குக் கீழேயும் அச்சாகிறது, வேதியியல் ஆசிரியரின் படத்துக்குக் கீழேயும் அச்சாகிறது. நீட் மதிப்பெண் அட்டையில் இயற்பியல், வேதியியல், உயிரியல் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே பர்சன்டைல் இருக்கிறது. ஒரு பாட ஆசிரியரின் அறிமுகத்தில் போட வேண்டியது அந்தப் பாடத்தின் பர்சன்டைல்தான். அதில் வேறொரு வசதியும் உண்டு. பர்சன்டைல் என்பது அந்த ஆண்டு எழுதியவர்களில் எத்தனை சதவீதத்தினர் இந்தப் பிள்ளை அளவுக்கோ அதற்குக் கீழோ இருக்கிறார்கள் என்று சொல்வது. வினாத்தாள் எளிதாக வந்தாலும் கடினமாக வந்தாலும் எல்லாருக்கும் ஒன்றுதான் என்பதால், போன ஆண்டையும் இந்த ஆண்டையும் ஓரளவு பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியும்.

இனி ஒரு வகுப்பின் முடிவை எப்படி எழுதலாம் என்று கணக்குப் போட்டே காட்டுகிறேன். கீழே வரும் எண்கள் கணக்கு விளங்குவதற்காக நான் வைத்துக்கொண்டவை. எந்த மையத்தையும் சுட்டுபவை அல்ல.

ஒரு ரிப்பீட்டர் வகுப்பில் 40 பேர் சேர்கிறார்கள். எல்லாருடைய கையிலும் போன ஆண்டின் மதிப்பெண் அட்டை இருக்கிறது. நடுவில் 6 பேர் நின்றுவிடுகிறார்கள். ஒருவர் கேரளத்துப் பாலாவில் விடுதியோடு கூடிய பயிற்சிக்குப் போகிறார், ஒருவருக்கு நர்சிங் இடம் கிடைக்கிறது, ஒருவர் வீட்டில் பணம் கட்ட முடியவில்லை, மற்றவர்களுக்கு வேறு காரணங்கள். கடைசிவரை இருந்து எழுதியவர்கள் 34 பேர். அதில் 29 பேர் தகுதி மதிப்பெண்ணைக் கடக்கிறார்கள். 6 பேருக்கு எம்.பி.பி.எஸ். இடம் கிடைக்கிறது. இதுதான் நடந்தது.

இதே வகுப்பு நோட்டீஸில் எப்படி வரும் என்று நம் எல்லாருக்கும் தெரியும். 34-க்கு 29 என்பது 85 சதவீதம், ஆகவே "85 சதவீதத் தேர்ச்சி". நின்றுபோன 6 பேரையும் சேர்த்தால் அது 72.5 சதவீதத்துக்கு இறங்கும், ஆனால் அவர்கள் கணக்கிலிருந்து காணாமல் போய்விடுகிறார்கள். இடம் கிடைத்த 6 பேரின் படத்தோடு, கடைசி மாதம் மாதிரித் தேர்வு மட்டும் எழுத வந்த 3 பேரின் படமும் சேர்ந்து 9 ஆகிறது. அந்த 3 பேரும் வேறு மையத்தில் ஓராண்டு படித்தவர்கள். அந்த மையத்தின் நோட்டீஸிலும் அவர்களே சிரிக்கிறார்கள். வடசேரியில் ஒரு போர்டு, வேப்பமூட்டில் ஒரு போர்டு, மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குக் கீழே ஒரு போர்டு என்று ஒரே பிள்ளையின் படம் மூன்று பெயர்களின் கீழ் நிற்பதைப் பார்த்துப் பழகிவிட்டோம். படத்தில் இருக்கும் பிள்ளை உழைத்தது உண்மை. யாரிடம், எவ்வளவு காலம் படித்தது என்பதுதான் மறைந்துவிடுகிறது.

இப்போது என் பாடத்துக்கு வருகிறேன். சேர்ந்த 40 பேரையும் போன ஆண்டின் இயற்பியல் பர்சன்டைல் வரிசையில் நிறுத்தி நடுவில் நிற்பவரைப் பார்த்தால் 58 என்று வைத்துக்கொள்வோம். ஆண்டு முடிவில் எழுதிய 34 பேரை அதே போல நிறுத்தினால் நடுவில் நிற்பவர் 74. "58-லிருந்து 74, ஓராண்டில் 16 புள்ளி உயர்வு" என்று எழுதக் கை துறுதுறுக்கும். எழுதக் கூடாது. நடுவில் நின்றுபோனவர்கள் பெரும்பாலும் தொடக்கத்திலேயே பின்தங்கியிருந்தவர்கள். அவர்கள் வெளியேறியதாலேயே மிச்சமிருப்பவர்களின் நடு எண் மேலே போய்விடும். கடைசிவரை இருந்த அந்த 34 பேரை மட்டும் எடுத்து, அவர்கள் சேர்ந்தபோது எங்கே இருந்தார்கள் என்று பார்த்தால் நடு எண் 63 என்று வரலாம். அப்போது உண்மையான நகர்வு 63-லிருந்து 74, அதாவது 11 புள்ளி. மீதி 5 புள்ளி யாரும் எதையும் கற்காமலே வந்த உயர்வு. ஒரே ஆட்களைத்தான் முன்னும் பின்னும் ஒப்பிட வேண்டும் என்ற இந்தச் சின்ன விதியை மீறினால், பாடமே எடுக்காத ஆசிரியர்கூடத் தம் அறிமுகத்தில் உயர்வு காட்ட முடியும்.

சராசரி வேண்டாம், நடுவில் நிற்பவரைப் பாருங்கள் என்று சொல்வதற்கும் காரணம் உண்டு. சிறிய வகுப்பில் இரண்டு பேர் 99-க்குப் போனால் சராசரி ஏறிவிடும். பின்வரிசையில் இருப்பவர்கள் நகர்ந்தார்களா என்று தெரியாது. நடு எண்ணோடு இன்னும் மூன்று எண்கள் போதும்: 34 பேரில் 5 புள்ளிக்கு மேல் ஏறியவர்கள் 24, ஏறக்குறைய அதே இடத்தில் நின்றவர்கள் 6, 5 புள்ளிக்கு மேல் இறங்கியவர்கள் 4. இறங்கிய 4 பேரைப் பற்றி எழுதுவதுதான் எல்லாருக்கும் கசக்கும். பெயர் போட வேண்டியதில்லை, போடவும் கூடாது. எண்ணிக்கை போதும். தன் பிள்ளை அந்த 4 பேரில் ஒருவராக ஆகக்கூடும் என்பது பணம் கட்டும் பெற்றோருக்குத் தெரிந்திருக்க வேண்டிய விஷயம்.

இந்த எண்களுக்கும் எல்லை உண்டு, அதையும் அறிமுகத்திலேயே ஒரு வரியில் சொல்லிவிட வேண்டும். ரிப்பீட்டர் பிள்ளைகள் இரண்டாம் முறை எழுதும்போது, ஆசிரியர் யாராக இருந்தாலும் பலர் கொஞ்சம் ஏறத்தான் செய்வார்கள். போன ஆண்டு பள்ளிப் பொதுத்தேர்வோடு சேர்த்துப் படித்தார்கள், இந்த ஆண்டு நீட் மட்டுமே. போன ஆண்டு தேர்வு நாளில் காய்ச்சலாக இருந்த பிள்ளையும் தானாகவே ஏறும். ஆகவே 11 புள்ளியையும் என் கணக்கில் எழுதிக்கொள்ள எனக்கு உரிமை இல்லை. அதே போல, கீழே இருப்பவர் 10 புள்ளி ஏறுவதும் மேலே இருப்பவர் 10 புள்ளி ஏறுவதும் ஒன்றல்ல. 50-ஐ ஒட்டி ஏராளமானோர் நெருக்கியடித்து நிற்பதால் சில கேள்விகள் கூடுதலாகச் சரியானாலே பல புள்ளி ஏறிவிடும். 97-லிருந்து 99-க்குப் போவதற்குத்தான் ஆண்டு முழுவதும் தேவைப்படும். எம்.பி.பி.எஸ். இடம் முடிவாவது பெரும்பாலும் அந்த மேல்முனையில் என்பதால், சேரும்போதே 90-க்கு மேல் இருந்தவர்களைத் தனியாகக் காட்ட வேண்டும். இடம் கிடைத்த 6 பேரில் 2 பேர் ஏற்கெனவே 90-க்கு மேல் இருந்தவர்கள் என்றால் அதை எழுத வேண்டும். உதவித்தொகைத் தேர்வு வைத்து நல்ல பிள்ளைகளை மட்டும் பொறுக்கி எடுத்த வகுப்பானால் அதையும் எழுத வேண்டும்.

இந்த ஆண்டு பிளஸ் டூ முடித்து முதல் தடவையாக எழுதும் பிள்ளைகளிடம் பழைய அட்டை இருக்காது. அவர்களுக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் முந்தைய ஆண்டு நீட் வினாத்தாளின் இயற்பியல் பகுதியை எழுத வைத்து 180-க்கு எவ்வளவு என்று குறித்துவைக்கலாம். பர்சன்டைலாக அதை மாற்ற முடியாது, ரிப்பீட்டர்களோடு கலந்து ஒரே எண்ணாகக் காட்டவும் முடியாது. இரண்டு வகுப்பையும் தனித்தனியாகப் போடுவதுதான் வழி.

கணக்கு வைப்பது பற்றி ஒரு வேண்டுகோள். முடிவு வரும் நாளில் மதிப்பெண்ணை உடனே பார்க்கலாம் என்று பல மையங்கள் பிள்ளைகளின் விண்ணப்ப எண்ணையும் கடவுச்சொல்லையும் முன்கூட்டியே வாங்கி ஒரு நோட்டில் எழுதி வைக்கின்றன. தயவுசெய்து நிறுத்துங்கள். கலந்தாய்வு முடியும்வரை அந்தப் பிள்ளையின் எதிர்காலமே அந்தக் கணக்குக்குள் இருக்கிறது. முடிவு வந்த பிறகு அட்டையின் நகலைப் பிள்ளை தானாகக் கொண்டுவந்து கொடுக்கட்டும். கொடுக்காதவர்களின் எண்ணிக்கையையும் "விவரம் கிடைக்கவில்லை" என்று போட்டுவிடலாம்.

இனி கற்பிக்கும் முறை. "கான்செப்ட் அடிப்படையில்" என்று எழுதாத ஆசிரியர் யார்? எந்தப் பெற்றோரும் சரிபார்க்க முடியாத சொல் அது. வகுப்புக்கு வந்து ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் உண்மையா பொய்யா என்று தெரிந்துவிடும்படி எழுத வேண்டும். அதற்கு ஒரு ஆசிரியரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று என்று நான் நினைக்கிறேன்: தேர்வு வைத்த மறுநாள் என்ன செய்கிறீர்கள்?

நான் செய்வதைச் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை 45 கேள்வித் தேர்வு. திங்கட்கிழமை புதுப் பாடம் கிடையாது. ஒவ்வொரு பிள்ளையும் தான் தவறவிட்ட கேள்விகளை மூன்றாகப் பிரித்து நோட்டில் எழுதும். பாடமே தெரியாததால் தவறியது ஒரு பக்கம். தெரிந்திருந்தும் தவறியது ஒரு பக்கம். குருட்டாம்போக்கில் அடித்தது ஒரு பக்கம். இந்தப் பிரிப்பு ஏன் என்றால், ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. முதல் வகைக்குப் பாடத்தைத் திரும்ப எடுக்க வேண்டும். இரண்டாம் வகைக்குப் பாடத்தைத் திரும்ப எடுத்தால் பிள்ளை கொட்டாவிதான் விடும்.

இரண்டாம் வகைக்கு ஓர் எடுத்துக்காட்டு. குவி லென்ஸின் குவியத் தொலைவு 15 செ.மீ., பொருள் 20 செ.மீ. தொலைவில். பிம்பம் எங்கே? வாய்ப்பாடு எல்லாருக்கும் மனப்பாடம்:

```
1/v - 1/u = 1/f
```

பொருள் லென்ஸின் இடப்பக்கம் இருப்பதால் u என்பது −20. போட்டுப் பார்த்தால் 1/v = 1/15 − 1/20 = 1/60, பிம்பம் 60 செ.மீ.யில். அவசரத்தில் குறியை விட்டு +20 என்று போட்ட பிள்ளைக்கு 1/v = 7/60, விடை 8.6 செ.மீ. வரும். வினாத்தாள் தயாரிப்பவருக்கு இது தெரியும், 8.6 என்பதும் நான்கு விடைகளில் ஒன்றாக உட்கார்ந்திருக்கும். தன் விடை அங்கே இருப்பதைப் பார்த்ததும் பிள்ளை நிம்மதியாக வட்டத்தைக் கறுப்பாக்கிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடும். இந்தப் பிள்ளைக்கு ஒளியியல் தெரியும். அதற்குத் தேவை, எண்ணைப் போடுமுன் சின்னதாக ஒரு படம் வரைந்து குறியை எழுதும் பழக்கம். அதோடு, குவியத்துக்கு வெளியே இருக்கும் பொருளின் மெய்ப்பிம்பம் குவியத் தொலைவைவிட நெருக்கமாக விழவே முடியாது என்று விடையை ஒரு கணம் சோதித்துப் பார்க்கும் பழக்கம். திங்கட்கிழமை முழுவதும் இந்த வேலைதான்.

இதன் பயன் எவ்வளவு என்றும் கணக்கிடலாம். 45-இல் 20 சரி, 18 தவறு, 7 விட்டுவிட்டது என்றால் 80-இல் 18 கழித்து 62 மதிப்பெண். அந்த 18 தவறில் 8 இந்த இரண்டாம் வகை என்று வைப்போம். ஒரு தவறான விடை சரியானால் கிடைப்பது 4 மட்டுமில்லை, கழிந்த 1-உம் திரும்புகிறது, ஆக 5. எட்டும் சரியானால் 62 என்பது 102 ஆகிறது, ஒரு புதுப் பாடமும் படிக்காமல். எட்டும் ஒரே மாதத்தில் சரியாகாது, சில பிள்ளைகளுக்கு ஆண்டு முழுவதும் பாதிகூடச் சரியாவதில்லை. ஆனால் ஆசிரியர் எதில் நேரத்தைச் செலவிடுகிறார் என்று இதிலிருந்து பெற்றோருக்கு விளங்கும். பிள்ளையின் நோட்டைத் திறந்து பார்த்தால் உண்மையாக நடக்கிறதா என்றும் தெரியும்.

இன்னும் சில விவரங்கள் அறிமுகத்தில் சுருக்கமாக இருக்க வேண்டும். படத்தில் இருக்கும் ஆசிரியர் இந்தக் கிளையில் வாரத்தில் எத்தனை மணி நேரம் நேரில் எடுக்கிறார்? காலையில் மார்த்தாண்டம், மாலையில் நாகர்கோவில் என்று பேருந்தில் ஓடுகிற எங்களில் பலருடைய படம், நாங்கள் மாதத்துக்கு ஒரு தடவை எட்டிப்பார்க்கும் கிளைகளிலும் தொங்குகிறது. சந்தேகம் கேட்கும் நேரத்தில் உட்கார்ந்திருப்பது அவரா, போன ஆண்டு படிப்பு முடித்த பட்டதாரியா? பட்டதாரி உட்காருவதில் குறையே இல்லை, சொல்லிவிட்டால் போதும். அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்து 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டை நம்பி வரும் பிள்ளைக்குப் பாடம் எந்த மொழியில் நடக்கும், தமிழ் வினாத்தாளை வைத்துப் பயிற்சி உண்டா என்பதும் வேண்டும். இந்த முறை யாருக்கு ஒத்துவராது என்பதையும் எழுதலாம். என் வகுப்பில் முதல் இரண்டு மாதம் வேகம் குறைவு. சேரும்போதே 95-க்கு மேல் இருக்கும் பிள்ளைக்கு அது சலிப்பாக இருக்கும். அதைச் சொல்லி அனுப்புவதால் எனக்கு ஒரு மாணவர் குறைவார், அந்தப் பிள்ளைக்கு இரண்டு மாதம் மிஞ்சும்.

இதையெல்லாம் சேர்த்தால் ஓர் அறிமுகம் ஏறத்தாழ இப்படி வரும். முன்பு சொன்ன கற்பனை வகுப்பின் எண்களையே இதிலும் வைத்திருக்கிறேன்:

"இயற்பியல் ஆசிரியர். எம்.எஸ்சி., பி.எட். இந்தக் கிளையில் வாரம் 10 மணி நேரம் நேரில் எடுக்கிறார். சென்ற ஆண்டு ரிப்பீட்டர் வகுப்பில் சேர்ந்தவர்கள் 40, கடைசிவரை இருந்து எழுதியவர்கள் 34. அந்த 34 பேரின் இயற்பியல் பர்சன்டைல், நடுவில் நிற்பவர் கணக்கில், சேரும்போது 63, முடிவில் 74. ஏறியவர்கள் 24, மாறாதவர்கள் 6, இறங்கியவர்கள் 4. எம்.பி.பி.எஸ். இடம் பெற்றவர்கள் 6. அதில் 2 பேர் சேரும்போதே 90-க்கு மேல் இருந்தவர்கள். மாதிரித் தேர்வுக்கு மட்டும் வந்தவர்கள் இதில் இல்லை. இரண்டாம் முறை எழுதுவோர் பொதுவாகவே ஓரளவு ஏறுவார்கள் என்பதையும் கணக்கில் கொள்ளவும். ஞாயிறு தேர்வு, திங்கள் முழுவதும் தவறுகளைப் பிரித்துத் திருத்தும் வகுப்பு. பாடம் தமிழிலும் ஆங்கிலத்திலும். வகுப்பில் 40 பேருக்கு மேல் இல்லை. சேருமுன் ஒரு திங்கட்கிழமை வந்து உட்கார்ந்து பார்க்கலாம்."

ஆரவாரமான ஒரு சொல்கூட இதில் இல்லை. அந்தத் தகப்பனாரின் இரண்டு கேள்விக்கும் பதில் இருக்கிறது.

சட்டமும் இந்தப் பக்கம்தான் வந்துகொண்டிருக்கிறது என்பதை நினைவூட்டுகிறேன். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில் பயிற்சி மையங்களின் தவறான விளம்பரங்களைத் தடுக்க வழிகாட்டுதல்களை வெளியிட்டது. வெற்றி பெற்ற மாணவரின் பெயரையோ படத்தையோ எழுத்துபூர்வ ஒப்புதல் இல்லாமல் போடக் கூடாது; அந்த ஒப்புதலையும் வெற்றிக்குப் பிறகுதான் வாங்க வேண்டும். சேரும் நாளன்றே விண்ணப்பப் படிவத்தோடு பெற்றோரிடம் கையெழுத்து வாங்கி வைக்கும் நம் வழக்கம் அதற்கு முரணானது. படத்தோடு அவர் எந்தப் பயிற்சியில், எவ்வளவு காலம், பணம் கட்டிப் படித்தாரா என்பதையும் சொல்ல வேண்டும். ரேங்க் உறுதி, நல்ல மதிப்பெண் உறுதி என்ற வாக்குறுதிகள் கூடாது என்று மத்தியக் கல்வி அமைச்சகம் 2024 ஜனவரியில் கொடுத்த வழிகாட்டுதலும் சொல்கிறது. குடிமைப் பணித் தேர்வுப் பயிற்சியில், நேர்முகத் தேர்வுக்கு மட்டும் வந்தவர்களை முழுப் பயிற்சி பெற்றவர்களைப் போலக் காட்டிய நிறுவனங்கள் அபராதம் கட்டியிருக்கின்றன. நம்முடைய மாதிரித் தேர்வுப் படங்கள் அதற்கு ரொம்பத் தூரத்தில் இல்லை.

நீங்கள் என்ன சொல்வீர்கள் என்றும் தெரியும். "எதிரில் இருக்கிறவர் 29 படம் போடுகிறார், நான் 40-க்கு 6 என்று போட்டால் என் படியை யார் மிதிப்பார்கள்?" நியாயமான பயம்தான். வாடகை, சம்பளம் எல்லாம் அந்த ஒரு மாதச் சேர்க்கையை நம்பி இருக்கிறது. ஒருவர் மட்டும் செய்தால் அவருக்கு நட்டம் வரவும் கூடும். அதனால்தான் தனித்தனியாக உங்கள் அறைகளில் பேசாமல் எல்லாருக்கும் சேர்த்து எழுதுகிறேன். மாவட்டத்தின் ஐந்தாறு மையங்கள் ஒரே வடிவத்தில் போட்டால், அந்த வடிவத்தில் போடாத மையத்திடம் பெற்றோர் "உங்ககிட்ட எத்தன பேரு சேந்தாங்க" என்று கேட்கத் தொடங்கிவிடுவார்கள். திருவனந்தபுரத்துக்கும் திருச்சூருக்கும் பிள்ளையை விடுதியில் சேர்க்கப் போகிறவர்களும் கணக்கு இருக்கும் இடத்தில் ஒரு நிமிடம் நிற்பார்கள்.

என்னளவில் ஒரு முடிவு எடுத்திருக்கிறேன். என் பெயரும் படமும் வரும் பகுதியை அச்சுக்குப் போகுமுன் நான் படித்துக் கையெழுத்திட வேண்டும். மேலே சொன்ன எண்கள் இல்லாமல், மொத்த மதிப்பெண்ணும் படங்களும் மட்டும் இருந்தால் என் படத்தை எடுத்துவிடுங்கள். பாடம் எடுப்பதில் ஒரு குறையும் வைக்க மாட்டேன். மற்ற பாட ஆசிரியர்களும் இதே நிபந்தனையை உங்களிடம் வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். சேர்க்கைப் பதிவேட்டிலிருந்து வகுப்புவாரியாக எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் நின்றார்கள் என்ற பட்டியலை அலுவலகத்தில் எடுத்துத் தந்தால், இயற்பியல் கணக்கை நானே உட்கார்ந்து போட்டுத் தருகிறேன். வேறு மையத்தின் ஆசிரியர் கேட்டாலும் போட்டுத் தருவேன்.

அன்புடன்,
நாகர்கோவிலிலிருந்து ஓர் இயற்பியல் ஆசிரியர்